டெஸ்டோஸ்டிரோனும் நாண்ட்ரோலோனும் எடுக்கிறேன். ஃபினாஸ்டெரைடு தொடங்கிய பிறகு முடி உதிர்வு கூடிவிட்டது. ஏன்?

கதிரவன்26

வணக்கம். வயது 26. சில ஆண்டுகளாக எடைப் பயிற்சி செய்கிறேன், இந்த ஆண்டுதான் ஊசி தொடங்கினேன். வாரத்துக்கு 500 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட், கூடவே 300 மில்லிகிராம் நாண்ட்ரோலோன் டெகனோயேட். இரண்டாவது மாதத்தில் தலை குளிக்கும்போது கையோடு முடி வரத் தொடங்கியது. நெற்றியின் இரு ஓரங்களும் மேலே ஏறிவிட்டன, உச்சியில் தோல் தெரிகிறது.

பயிற்சிக்கூடத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது ஃபினாஸ்டெரைடு. தினம் 1 மில்லிகிராம் வீதம் எடுத்து ஆறு வாரம் ஆகிறது. உதிர்வு குறையவில்லை, முன்பைவிட வேகமாகவே இருக்கிறது. மாத்திரை போலியா? அளவைக் கூட்ட வேண்டுமா? டுடாஸ்டெரைடுக்கு மாறலாமா? என் அப்பாவுக்கு முப்பது வயதிலேயே வழுக்கை. அம்மாவின் அப்பாவுக்குக் கடைசிவரை அடர்த்தியான முடி. அதனால் எனக்கு வராது என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மோகன்ராஜ்

தம்பி, வழுக்கை அம்மா வழியில்தான் வரும். ஆண் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஆண்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆணுக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. உன் தாத்தாவுக்கு முடி இருந்தது என்றால் உனக்கு மரபு காரணம் இல்லை. நீ குடிக்கிற புரதப் பொடியைப் பார். வே புரதத்தையும் கிரியேட்டினையும் நிறுத்து, இரண்டு மாதத்தில் சரியாகிவிடும். என் நண்பர்கள் பலருக்கு அப்படித்தான் நின்றது.

வேலன்_பழைய_இரும்பு

மோகன்ராஜ் சொல்வதில் முதல் பாதி உண்மை. அந்த மரபணு தாய்வழியில் வருவது சரிதான். ஆனால் வழுக்கையைத் தீர்மானிப்பது அது ஒன்று மட்டும் இல்லை. வேறு குரோமோசோம்களில் பல மரபணுக்கள் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன, அவை அப்பாவிடமிருந்தும் வரும். முப்பதில் வழுக்கை விழுந்த அப்பாவின் மகனை மரபு காரணம் இல்லாதவன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கதிரவன், உன் மாத்திரை போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்வதால்கூட உதிர்வு கூடியிருக்கலாம். நாண்ட்ரோலோனோடு ஃபினாஸ்டெரைடைச் சேர்க்கக் கூடாது என்பது இந்த மருந்துகளோடு பல காலம் பழகியவர்களுக்குத் தெரியும். உனக்கு ஆலோசனை சொன்னவர்கள் நீ என்ன எடுக்கிறாய் என்று கேட்டார்களா? கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அருள்செல்வன்

நானும் இதே பிரச்சினையில்தான் இருக்கிறேன், எனக்கும் சொல்லுங்கள். நான் ஊசி எதுவும் போடுவதில்லை. கிரியேட்டின் தினம் 5 கிராம், வே புரதம், அவ்வளவுதான். போட்டிக்காக மூன்று மாதத்தில் 14 கிலோ குறைத்தேன். போட்டி முடிந்து இப்போது முடி கொத்துக் கொத்தாக வருகிறது. ஒரு பக்கம் என்று இல்லை, தலை முழுவதும். நானும் ஃபினாஸ்டெரைடு தொடங்கலாமா?

மரு_இளவேனில்

தோல் மருத்துவராக இருக்கிறேன். இங்கே இரண்டு வேறு நோய்கள் ஒரே இழையில் கலந்துவிட்டன. பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

முதலில் கதிரவனுக்கு. டெஸ்டோஸ்டிரோன் மயிர்க்காலுக்குள் நுழைந்ததும் அங்கே 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அதை டி.எச்.டி. என்ற இன்னும் வலுவான ஆண் ஹார்மோனாக மாற்றுகிறது. டெஸ்டோஸ்டிரோன் பிடிக்கும் அதே ஆண்ட்ரோஜன் ஏற்பியை டி.எச்.டி. இன்னும் வலுவாகப் பிடிக்கும், எளிதில் விடாது. மரபில் அதற்கு இடம் இருக்கும் தலையில், நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகின்றன. முடி வளரும் காலம் குறைகிறது, அடுத்து முளைக்கும் முடி மெல்லியதாக வருகிறது. பின்னந்தலை தப்பிவிடுகிறது. ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1942இல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் இதற்கு அடிப்படை. பருவமடையும் முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு அது தொடங்கியது, மற்றவர்களுக்குத் தொடங்கவில்லை. ஆகவே ஊசி வழுக்கையைப் புதிதாக உண்டாக்குவதில்லை. இருபது ஆண்டுகளில் மெல்ல நடக்கவிருந்ததைச் சில மாதங்களுக்குள் இழுத்துக்கொண்டு வருகிறது.

அளவையும் பாருங்கள். ஆரோக்கியமான ஆணின் உடல் ஒரு வாரத்தில் சுரப்பது ஏறத்தாழ 35 முதல் 50 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன். 500 மில்லிகிராம் எனந்தேட்டில், மெதுவாகக் கரைவதற்காக டெஸ்டோஸ்டிரோனோடு ஒட்டியிருக்கும் எஸ்டரின் எடையைக் கழித்தால் டெஸ்டோஸ்டிரோன் மட்டும் சுமார் 360 மில்லிகிராம் வரும். உங்கள் உடல் தானாகச் சுரப்பதைப் போல ஏழு முதல் பத்து மடங்கு உள்ளே போகிறது. வழக்கமான நிலையில் ஃபினாஸ்டெரைடு அந்த நொதியை அடைத்து, இரத்தத்தில் உள்ள டி.எச்.டி.யைச் சுமார் 70 சதவீதம் குறைக்கும். இவ்வளவு சுமைக்கு மேல் குறைத்த பிறகும் எஞ்சுவது குறைவாக இருக்காது. போதாததற்கு, மாறாமல் நிற்கும் டெஸ்டோஸ்டிரோனும் அதே ஏற்பியைத் தூண்டக்கூடியதுதான்.

அருள்செல்வனுக்குத் தனியாக எழுதுகிறேன். அவருடைய கதை வேறு.

வேலன்_பழைய_இரும்பு

மருத்துவர் டெஸ்டோஸ்டிரோனை விளக்கிவிட்டார், நாண்ட்ரோலோன் பக்கத்தை நான் சொல்கிறேன். அதே நொதி நாண்ட்ரோலோனையும் மாற்றுகிறது. ஆனால் விளைவு தலைகீழ். டெஸ்டோஸ்டிரோனை மாற்றினால் அதைவிட வலுவான ஒன்று கிடைக்கிறது. நாண்ட்ரோலோனை மாற்றினால் டைஹைட்ரோநாண்ட்ரோலோன் என்ற வலுக் குறைந்த ஒன்று கிடைக்கிறது. தலைத்தோலில் இந்த நொதி நிறைய இருப்பதால்தான் நாண்ட்ரோலோன் முடியை அதிகம் தாக்குவதில்லை என்று பேர் வாங்கியது. நீ ஃபினாஸ்டெரைடு போட்டு நொதியை அடைத்துவிட்டாய். இப்போது நாண்ட்ரோலோன் பலம் குறையாமல் மயிர்க்காலில் உட்கார்ந்திருக்கிறது. டுடாஸ்டெரைடுக்கு மாறினால் இன்னும் முழுமையாக அடைபடும். அந்த எண்ணத்தை விட்டுவிடு.

இன்னொரு கூட்டமும் உண்டு. ஸ்டானோசோலால், ஆக்சாண்ட்ரோலோன், ட்ரோஸ்டனோலோன், மெஸ்டரோலோன் ஆகியவை டி.எச்.டி.யிலிருந்தே உருவாக்கப்பட்டவை. நொதி செய்யும் மாற்றம் ஏற்கெனவே முடிந்துவிட்டது, தடுப்பதற்கு எதுவும் மிச்சம் இல்லை. டிரென்போலோனை இந்த நொதி தொடுவதே இல்லை, ஏற்பியை அது நேரடியாகவே பலமாகப் பிடிக்கும். இவற்றை எடுத்துக்கொண்டே ஃபினாஸ்டெரைடால் முடியைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்புகிற பையன்களைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. கேட்க வேண்டிய முதல் கேள்வி என்ன ஊசி என்பதுதான்.

சரவணகுமார்

நான் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவன். மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறேன், உடம்பைப் பெருக்குவதற்காக இல்லை. முதல் ஆண்டிலேயே உச்சியில் முடி மெலிந்தது. பயந்துபோய் ஊசியை நானே நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். என் மருத்துவர் விடவில்லை. இரத்தத்தில் அளவு இயல்பான எல்லைக்குள்தான் இருக்கிறது என்று காட்டிவிட்டு ஃபினாஸ்டெரைடு கொடுத்தார். எனக்கு உதிர்வு நின்றது. ஓராண்டில் கொஞ்சம் அடர்த்தியும் திரும்பியது. அதனால் இந்த மருந்தே மோசம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மரு_இளவேனில்

சரவணகுமார் சொல்வதும் வேலன் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. சரவணகுமாரிடம் இருப்பது டெஸ்டோஸ்டிரோன் மட்டும், அதுவும் இயல்பான அளவில். ஃபினாஸ்டெரைடு சரியாகப் பொருந்தும் இடம் அதுதான். நோய்க்காக டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவர்கள் முடிக்காகத் தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். எலும்பு, இரத்தம், மனநிலை எல்லாம் அதை நம்பியிருக்கின்றன.

நாண்ட்ரோலோன் பற்றி வேலன் சொன்ன வேதியியல் சரி. ஒரு எல்லையை மட்டும் சொல்ல வேண்டும். கதிரவனின் தலையில் இதுதான் நடந்தது என்று ஆறு வாரத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முடி மெதுவாகப் பேசும் உறுப்பு. உதிரப்போகும் முடி இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே ஓய்வுநிலைக்குப் போய்விடும். இன்று கையில் வருவது ஃபினாஸ்டெரைடுக்கு முன்பே, ஊசியின் முதல் மாதங்களில் முடிவான உதிர்வாகவும் இருக்கலாம். இரண்டு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். எப்படியானாலும் ஃபினாஸ்டெரைடின் அளவைக் கூட்டுவதில் பயன் இல்லை. 1 மில்லிகிராமுக்கு மேல் 5 மில்லிகிராம் வரை போனாலும் டி.எச்.டி. இன்னும் இறங்குவது மிகக் கொஞ்சம்தான்.

கதிரவன்26

இவ்வளவு விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி அண்ணா, நன்றி டாக்டர். அப்படியானால் இப்போது ஃபினாஸ்டெரைடை நிறுத்துவதா, நாண்ட்ரோலோனை நிறுத்துவதா?

வேலன்_பழைய_இரும்பு

முதலில் ஃபினாஸ்டெரைடை நிறுத்து. நாண்ட்ரோலோன் டெகனோயேட் மெதுவாகக் கரைவது. கடைசி ஊசிக்குப் பிறகும் பல வாரம் உடம்பில் இருக்கும். அது இருக்கும்வரை நொதி திறந்திருக்கட்டும்.

மரு_இளவேனில்

இந்த இடத்தில் வேலனோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. 500 மில்லிகிராம் எனந்தேட் ஓடிக்கொண்டிருக்கும்போது நொதியைத் திறந்துவிட்டால் டி.எச்.டி. மீண்டும் ஏறும், இரண்டு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒரு பக்கம் அடைத்தால் நாண்ட்ரோலோன், திறந்தால் டி.எச்.டி. இரண்டு ஊசிகளும் இருக்கும்வரை மாத்திரையால் வெல்ல முடியாத கணக்கு இது. நிற்க வேண்டியது ஊசிதான், அதில் முதலில் நாண்ட்ரோலோன்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். இத்தனை மாதமாக வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததால் உங்கள் மூளை விதைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்தியிருக்கும். ஊசி நின்றதும் சொந்தச் சுரப்பு திரும்பப் பல மாதம் ஆகலாம், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல். அந்த இடைவெளியில் கடுமையான சோர்வு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் வரும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போங்கள், எடுத்தவை அனைத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். மூளையிலிருந்து விதைகளுக்கு வரும் கட்டளைகளான எல்.எச்., எஃப்.எஸ்.எச்., கூடவே டெஸ்டோஸ்டிரோன், ஹீமாடோகிரிட், கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளை அவர் பார்ப்பார். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் விந்தணுப் பரிசோதனையும் வேண்டும்.

மோகன்ராஜ்

டாக்டர், கிரியேட்டினை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? அது டி.எச்.டி.யைக் கூட்டுகிறது என்று ஆய்வே இருக்கிறது.

மரு_இளவேனில்

இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ரக்பி வீரர்கள் இருபது பேரிடம் செய்து 2009இல் வெளிவந்த ஆய்வு. முதல் வாரம் தினம் 25 கிராம், பிறகு இரண்டு வாரம் 5 கிராம் கொடுத்தார்கள். டி.எச்.டி. முதல் வாரத்தில் 56 சதவீதம் உயர்ந்தது. ஆனாலும் இயல்பான எல்லைக்குள்தான் இருந்தது, முடியை அவர்கள் அளக்கவே இல்லை. முடியையும் சேர்த்து அளந்து 12 வாரம் நடந்த ஆய்வு 2025இல் வந்தது. தினம் 5 கிராம் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் டி.எச்.டி.யிலோ முடியிலோ வேறுபாடு தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், காலமும் குறைவுதான். பல ஆண்டு எடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. கதிரவனின் உதிர்வுக்குக் கிரியேட்டினைக் குற்றம் சொல்ல ஏழு மடங்கு டெஸ்டோஸ்டிரோன் இடம் விடவில்லை என்பதே என் கருத்து. வே புரதம் முடியைக் கொட்டவைக்கும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை.

புரதப் பொடியில் எனக்கு வேறு கவலை இருக்கிறது. தசை வேகமாக வளரும், ஹார்மோனைத் தூண்டும் என்று விற்கப்படும் சில பொருட்களில் லேபிளில் எழுதாத ஸ்டீராய்டுகள் கலந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஊசியே போடாதவருக்கு ஒரு புதிய பொடி தொடங்கிய சில வாரத்தில் முகத்திலும் முதுகிலும் பருக்கள், நெற்றியோரம் ஏறுதல், இரத்தத்தில் எல்.எச். மிகக் குறைவு என்று மூன்றும் சேர்ந்து வந்தால் நான் அந்தப் பொடியைத்தான் சந்தேகிப்பேன். நண்பர்களுக்கு நிறுத்தியதும் நின்றது என்று நீங்கள் சொன்னது அப்படிப்பட்ட பொருளாகவும் இருந்திருக்கலாம்.

மோகன்ராஜ்

அது என்ன பொடி என்று நான் கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் கிரியேட்டினில் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

மரு_இளவேனில்

அருள்செல்வன், இப்போது உங்களுக்கு. மூன்று மாதத்தில் 14 கிலோ குறைத்து, முடிந்தபின் தலை முழுவதும் ஒரே சீராக உதிர்கிறது என்றால், உடல் பட்டினிக்குக் கொடுத்த பதில் அது. பெருமளவு முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக விழுகிறது. மயிர்க்கால் சுருங்கவில்லை. போதுமான உணவு திரும்பினால் ஆறு மாத அளவில் பெரும்பாலும் தானாகவே நிற்கும். இதற்கு ஃபினாஸ்டெரைடு வேண்டாம்.

நீங்களே ஒன்று பார்க்கலாம். தலையை ஒரு நாள் கழுவாமல் விட்டு, ஐம்பது அறுபது முடியை விரல்களுக்கிடையில் பிடித்து வேரிலிருந்து நுனிவரை மெதுவாக இழுங்கள். உச்சி, இரு பக்கம், பின்னந்தலை நான்கிலும் செய்யுங்கள். எல்லா இடத்திலும் ஆறுக்கு மேல் வந்து, ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைக் குமிழ் இருந்தால் நான் சொன்ன வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். நெற்றியிலும் உச்சியிலும் மட்டும் வந்தாலோ, உதிர்ந்த முடிகளில் குட்டையும் மெலிவுமானவை நிறைய இருந்தாலோ கதிரவனின் வகையை நினைக்க வேண்டும். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு, அதனால் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள். இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் தைராய்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பயோட்டின் மாத்திரை எடுப்பவராக இருந்தால் இரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்துங்கள். அதிக அளவு பயோட்டின் தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் முடிவுகளைப் பொய்யாகக் காட்டும்.

அருள்செல்வன்

பயோட்டின் தினம் எடுக்கிறேன் டாக்டர்! போன வாரம் கொடுத்த இரத்தத்தில் தைராய்டு சரியில்லை என்று வந்திருக்கிறது. அந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்துவிட்டு எழுதுகிறேன்.

கதிரவன்26

தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். உருப்பெருக்கியில் உச்சி முடியைத் திரையில் காட்டினார். தடித்ததும் மெலிந்ததும் கலந்து கிடக்கின்றன, பின்னந்தலையில் எல்லாம் ஒரே தடிமன். மரபு வகைதான் என்றார். நாண்ட்ரோலோனை நிறுத்திவிட்டேன். டெஸ்டோஸ்டிரோனை எப்படி விடுவது என்று அடுத்த வாரம் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் பேசப் போகிறேன். ஃபினாஸ்டெரைடைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கச் சொன்னார். ஊசிகள் உடம்பைவிட்டுப் போன பிறகு திரும்ப யோசிக்கலாம் என்றார். தலையில் தடவ மினாக்சிடில் 5 சதவீதம் எழுதிக் கொடுத்தார். போன முடி முழுவதும் திரும்புமா?

வேலன்_பழைய_இரும்பு

ஃபினாஸ்டெரைடில் நான் சொன்னதைத்தானே உன் மருத்துவரும் செய்திருக்கிறார்! மற்றவர்கள் வேறு மாதிரியும் செய்வார்கள் என்று இளவேனில் சொல்வார், அதையும் மதிக்கிறேன்.

மரு_இளவேனில்

நாண்ட்ரோலோனை நிறுத்திய பிறகு இந்த முடிவில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. நேரில் பார்த்தவர் அவர்.

சமீபத்தில் மெலிந்த முடிகள் ஓரளவு திரும்பத் தடிக்கும். தோல் வழவழப்பாகிவிட்ட இடத்தில் எதிர்பார்க்க வேண்டாம். நெற்றி ஓரத்தைவிட உச்சிக்குப் பலன் அதிகம். மினாக்சிடில் ஹார்மோனைத் தொடுவதில்லை, மயிர்க்காலை வளரும் நிலைக்குத் தள்ளுகிறது. அதனால் என்ன ஊசி ஓடினாலும் அதன் வேலை மாறாது. ஆனால் சுருக்கும் காரணம் அப்படியே இருந்தால் அது மட்டும் நெடுநாள் தாங்காது. தொடங்கிய இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் உதிர்வு கூடுவதுபோலத் தெரியும். பழைய முடியைப் புதியது தள்ளுவதால் வருவது அது. பலர் அப்போதுதான் பயந்து விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள். நான்கு மாதத்துக்கு முன் முடிவு சொல்ல முடியாது. நிறுத்தினால் அது காத்த முடி சில மாதத்தில் போய்விடும்.

பின்னால் ஃபினாஸ்டெரைடு மறுபடி தொடங்கும் நிலை வந்தால், ஒரு சிலருக்குப் பாலுணர்வுக் குறைவும் விறைப்புக் குறைவும் மனச்சோர்வும் வருவதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஊசியை விட்ட மாதங்களிலும் இதே அறிகுறிகள் வரும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது எதனால் என்று பிரிக்கவே முடியாமல் போகும். அந்தக் காரணத்துக்காகவும் உங்கள் மருத்துவர் தள்ளிவைத்தது நல்லதே.

சரவணகுமார்

எனக்கு ஒரு சந்தேகம் டாக்டர். மனைவி கருவுற்றிருக்கிறார். ஃபினாஸ்டெரைடு மாத்திரை வீட்டில் இருக்கலாமா?

மரு_இளவேனில்

முழு மாத்திரைக்கு மேல்பூச்சு உண்டு, வீட்டில் இருப்பதால் ஆபத்து இல்லை. உடைந்ததையும் பொடியானதையும் அவர் கையால் தொடக் கூடாது. ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியை அது பாதிக்கும். மாத்திரையை நீங்கள் உடைத்துச் சாப்பிடுகிறீர்களா?

சரவணகுமார்

ஆமாம், 5 மில்லிகிராம் மாத்திரையை நான்காக உடைத்து எடுக்கிறேன்.

மரு_இளவேனில்

இன்றே 1 மில்லிகிராம் மாத்திரைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். உடைத்த துண்டுகள் இருந்த டப்பாவையும் கத்தியையும் நீங்களே கழுவுங்கள். இன்னொன்று, புரோஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனை எப்போது செய்தாலும் ஃபினாஸ்டெரைடு எடுப்பதைச் சொல்லுங்கள். அது அந்த எண்ணைப் பாதியாக்கிக் காட்டும். டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவருக்கு அந்தப் பரிசோதனை அவ்வப்போது வரும்.

கதிரவன்26

மாதம் ஒருமுறை ஒரே விளக்கின் கீழ், முடி காய்ந்த பிறகு, உச்சியையும் நெற்றியையும் படம் எடுத்து வைக்கிறேன். ஆறாவது மாதப் படங்களை இங்கேயே போடுகிறேன்.